அம்மா இல்லாதவருக்கும் ஒரு மே ஞாயிறு

மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் வாட்ஸ்அப் குழுக்களில் ரோஜாப்பூக்கள் வந்து குவியத் தொடங்கிவிடுகின்றன. அனுப்புகிறவர் ஒவ்வொரு பெயராகப் பார்ப்பதில்லை. பட்டியலை மொத்தமாகத் தேர்ந்தெடுத்துத் தட்டிவிடுகிறார். தை மாதம் அம்மாவுக்குக் கொள்ளி வைத்தவரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார். "ஹேப்பி மதர்ஸ் டே, அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க" என்ற வரி அவருக்கும் போய்ச் சேர்கிறது. விஷயம் தெரிந்தவர்களோ, ஏதாவது சொல்லப்போய் அழுதுவிடுவாரோ என்று அன்றைக்கு மட்டும் அவர் பக்கமே திரும்புவதில்லை. எனக்கு இந்த இரண்டாவது கூட்டத்தின் மேல்தான் வருத்தம் அதிகம்.

இந்த நாளே இறந்துபோன ஒரு தாய்க்காகத் தொடங்கியது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியாவின் கிராஃப்டன் ஊர் தேவாலயத்தில் 1908 மே 10 அன்று நடந்த முதல் வழிபாடு, மூன்று ஆண்டுகளுக்கு முன் அம்மாவை இழந்த ஒரு மகள் ஏற்பாடு செய்தது. அம்மாவுக்குப் பிடித்த வெள்ளைக் கார்னேஷன் பூக்கள் 500 வாங்கி அனுப்பினார். பிறகு, தாய் உயிரோடு இருந்தால் சிவப்போ இளஞ்சிவப்போ, இல்லையென்றால் வெள்ளை என்று சட்டையில் பூச்செருகும் வழக்கம் வந்தது. தாய் இல்லாதவருக்கும் அங்கே ஒரு பூ இருந்தது. அச்சடித்த வாழ்த்து அட்டைகள் பெருகியபோது, அந்த மகளே கடைசிவரை அதை எதிர்த்துக்கொண்டிருந்தார்.

நம் ஊரிலும் இதற்கு வழி தெரியாமல் இல்லை. துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். ஆனால் பங்காளி வீட்டிலிருந்தும் பக்கத்து வீட்டிலிருந்தும் முறுக்கும் அதிரசமும் தூக்குவாளியில் வந்துவிடும். யாரும் "ஹேப்பி தீபாவளி" சொல்வதில்லை. யாரும் வராமலும் இருப்பதில்லை. இறக்குமதியான ஞாயிறுகளுக்கு இப்படி ஒரு முறை இன்னும் அமையவில்லை.

அமைந்தால் எப்படியிருக்கும் என்பதற்கு, ஜூன் மூன்றாவது ஞாயிறான தந்தையர் தினத்தில் திருச்சிக்காரர் ஒருவருக்கு வந்த செய்தியைச் சொல்லலாம். அவருடைய அப்பா தையல்காரர். அனுப்பியவர் அந்தக் கடையில் வேலை பார்த்தவர். "தம்பி, அப்பா வெட்டுத்துணியைத் தூரப்போட விடமாட்டாரு. ஒரு மூட்டை இன்னும் எங்கிட்ட இருக்கு. நேத்து ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு அதுலேருந்துதான் பை வச்சேன். அவரு ஞாபகம் வந்துச்சு. பதில் போட வேணாம், சும்மா சொன்னேன்."

இதில் ஆறுதல் என்று ஒரு வார்த்தையும் இல்லை. மகனுக்குத் தெரியாத ஒரு சேதி இருக்கிறது: அப்பா சேர்த்துவைத்த துணி நேற்றுகூட ஒரு பிள்ளைக்குப் பயன்பட்டிருக்கிறது. பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. "மனசைத் தேத்திக்கோங்க", "எப்படி இருக்கீங்க?" என்பவை வந்தால், பெற்றுக்கொண்டவர்தான் நன்றி சொல்லி, நன்றாக இருப்பதாக நடித்து முடிக்க வேண்டும். "இனிமே நான்தான் உனக்கு அம்மா" என்பது இன்னும் மோசம். காலியான இடத்துக்கு அன்றைக்கே ஆள் எடுத்ததுபோல இருக்கும். ஆஸ்பத்திரியின் கடைசி நாட்களைப் பற்றிய பேச்சை அவர் எடுக்காதவரை நாம் எடுக்கக் கூடாது. சனிக்கிழமை மாலையே அனுப்பிவிட்டால் ரோஜாப்பூ இரைச்சலில் சிக்காது.

அன்று எதுவுமே வேண்டாம் என்பவர்களும் உண்டு. அவர்களை விட்டுவிடலாம்.

என் இன்னொரு கவலை கடைகள் அனுப்பும் செய்திகளைப் பற்றியது. "அம்மாவுக்கு இன்னும் எதுவும் வாங்கலையா?" என்று கேட்கும் நகைக்கடைக்கு யார் வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாது. 2019இல் பிரிட்டனில் ஒரு பூ வியாபார நிறுவனம், அன்னையர் தின மின்னஞ்சல் வேண்டாம் என்பவர்கள் முன்கூட்டியே விலகிக்கொள்ள வழி செய்தது. மற்றவர்களும் பின்பற்றினார்கள். இப்போது விலக விருப்பமா என்று கேட்கும் கடிதமே ஒவ்வொரு கடையிலிருந்தும் தனித்தனியாக வந்து ஞாபகப்படுத்துகிறது. பிரிட்டனில் அந்த நாள் தவக்காலத்து நான்காம் ஞாயிறு. ஆகவே லண்டனில் இருக்கும் நம்மவர்களுக்கு அங்கத்திய கடைகளால் ஒரு முறை, ஊர்க் குழுக்களால் மே மாதம் மறுமுறை.

நம் நாட்டில் START 0 என்று 1909 எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் விளம்பரக் குறுஞ்செய்திகள் தடைபட வேண்டும். வாட்ஸ்அப்பில் வருவதற்கும், கைபேசியில் உள்ள கடைச் செயலிகளின் அறிவிப்புகளுக்கும் இது பொருந்தாது. அவற்றை ஒவ்வொன்றாகத்தான் நிறுத்த வேண்டும். இன்னொன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வங்கிக் கணக்கை முடிக்கும்வரை ஓடிபி வரவேண்டுமே என்று அம்மாவின் சிம்முக்கு ரீசார்ஜ் செய்து வைத்திருப்போம். "உங்கள் நாள் இது, உங்களுக்குத் தள்ளுபடி" என்று அந்த எண்ணுக்கும் வரும். அதற்கான குறுஞ்செய்தியை நம் எண்ணிலிருந்து அனுப்பிப் பயனில்லை, அம்மாவின் எண்ணிலிருந்தேதான் அனுப்ப வேண்டும்.