மாட்யூல் எந்த வாரம் வரும்?

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டீக்கடையில் எனக்கு எதிரே ஓர் இறுதியாண்டு மாணவன் உட்கார்ந்திருந்தான். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு மழைமானியை நிறுத்தி, பெய்த அளவை லோரா ரேடியோ வழியாக அடிவாரத்துக்கு அனுப்புவது அவன் குழுவின் திட்டம். மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி கோமுகி அணைக்கும் வருகிறது. அதனால் திட்டம் எனக்குப் பிடித்திருந்தது.

"கேன்ட் சார்ட் போட்டுட்டேண்ணே" என்று தாளை விரித்தான். 2025 டிசம்பர் 1 முதல் 2026 மே 31 வரை 26 வாரம். ஒரு வேலை முடிந்ததும் அடுத்தது என்று கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்கின. ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு வாரம் கூடுதலாக இருந்தது.

"இது எதுக்கு தம்பி?"

"லேட் ஆனா வேணும்லண்ணே."

நான் பார்த்தவரை அந்த ஒரு வாரம் மிஞ்சுவதே இல்லை. நாலு வாரம் இருக்கிறது என்று தெரிந்தால், வேலை நாலாவது வாரத்தில்தான் சூடுபிடிக்கும். முன்கூட்டி முடிந்தாலும் அடுத்த வேலைக்காரன் தயாராக இருக்க மாட்டான். ஆனால் தாமதம் மட்டும் தவறாமல் அடுத்த கோட்டுக்குப் போய்விடும். 1997இல் கோல்ட்ராட் இதைப் பற்றி ஒரு நாவலே எழுதினார். அவர் சொன்ன வழி எளிது: எல்லாக் கோட்டிலிருந்தும் கூடுதல் நாளை உருவி, வாங்கும் சாமான் நம் வேலையோடு சேரும் இடத்திலும், கடைசி ஒப்படைப்புக்கு முன்னாலும் மொத்தமாகத் தாங்கலாக வை.

பென்சிலை எடுத்தோம். வெளியிலிருந்து வர வேண்டியவை இரண்டு: ரேடியோ மாட்யூல், சர்க்யூட் பலகை. மாட்யூல் சாதாரணமாக 3 வாரத்தில் வரும், சுங்கத்தில் மாட்டினால் 7 வாரம் என்று வைத்தோம். பலகைக்கு 2 வாரம், மோசமானால் 4. பலகையை வரைய முதல் 4 வாரம் போகும். ஆக, 6ஆம் வாரம் பலகை கைக்கு வர வேண்டும். 7, 8 வாரங்களைத் தாங்கலாக விட்டோம். 7ஆம் வாரம் எப்படியும் பொங்கல். 9ஆம் வாரம் சால்டரிங்.

மாட்யூலுக்குத் தனித் தாங்கல் தேவையா? முதல் வாரமே ஆர்டர் போட்டால் தேவையில்லை. மிக மோசமான 7 வாரம் ஆனாலும் சால்டரிங்குக்கு முன்னால் வந்துவிடும். அவன் தாளில் அந்த ஆர்டர், முதல் ரிவ்யூ முடிந்த பிறகு 5ஆம் வாரத்தில் இருந்தது. அப்படியென்றால் 11ஆம் வாரம் வரை இழுக்கலாம். வந்தது தவறான மாட்யூலாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். 433க்கானது வந்து சேர்வது புதிதல்ல. மறுபடி ஆர்டர் போடலாம் என்றால் 2026 பிப்ரவரி 17 சீனப் புத்தாண்டு, நம் கணக்கில் 12ஆம் வாரம். அதை ஒட்டி அங்கே தொழிற்சாலைகள் மூடிக் கிடக்கும். ரிவ்யூவுக்குக் காத்திருக்காமல் இரண்டே இரண்டு மாட்யூலை முதலில் வாங்கச் சொன்னேன்.

அதோடு ஒரு தேதியையும் எழுத வைத்தேன். ஜனவரி 2, 5ஆம் வாரத்து வெள்ளி. அன்றும் மாட்யூல் வரவில்லை என்றால் காத்திருக்காமல் சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் ரெடிமேட் போர்டை வாங்கிவிட வேண்டும். அதன் பின்களுக்கும் சர்க்யூட் பலகையில் இப்போதே துளை விட்டு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மாற்றுப் பொருள் கையில் இருந்தும் பொருத்த இடம் இருக்காது.

மீதிக் கோடுகள் தானாக விழுந்தன. 10 வரை பலகைச் சோதனை, 11, 12இல் எல்லாவற்றையும் சேர்ப்பது, 13இல் அளவு சரிபார்ப்பது, 14 முதல் 18 வரை மலை, 21 வரை அறிக்கை. 22 முதல் 24 வரை தொடக்கூடாத தாங்கல். கடைசி இரண்டு வாரம் ஒப்படைப்பும் வைவாவும்.

வாரத் திட்டத்தில் "ரேடியோ வேலை 60 சதவீதம்" என்று எழுதியிருந்தான். அடித்துவிட்டேன். "மேலிருந்து 100 செய்தி அனுப்பி, கீழே வந்ததை எண்ணியாச்சு" என்று எழுதினால்தான் வெள்ளிக்கிழமை ஆமா, இல்லை என்று சொல்ல முடியும். அதோடு ஒரே கேள்வி: இந்த வாரம் தாங்கலில் எத்தனை நாள் தின்றோம்? பாதி வேலை முடியும் முன்னே பாதித் தாங்கல் போய்விட்டால், எந்த அம்சத்தை விடுவது என்று அன்றே உட்கார்ந்து பேச வேண்டும்.

டீ ஆறியிருந்தது. "14ஆம் வாரம்னா மார்ச் 2. மலையில மழை ஏது?" என்றேன். அவன் அதை யோசிக்கவே இல்லை. வடகிழக்குப் பருவமழை அதற்குள் ஓய்ந்திருக்கும். மழையை நம்பிச் சோதனை வைத்தால் எந்தத் தாங்கலும் போதாது. அதனால் மலை வாரங்களை ரேடியோவுக்கும் சோலார் பேட்டரிக்கும் மட்டும் ஒதுக்கினோம். மழை அளவை 13ஆம் வாரத்தில் கல்லூரியிலேயே பார்த்துவிடலாம். 20 சென்டிமீட்டர் புனலில் 0.2 மில்லிமீட்டர் மழை என்பது 6.28 மில்லி தண்ணீர். ஒரு லிட்டரை டிரிப்ஸ் குழாயில் மெதுவாக விட்டால், 0.2 மில்லிமீட்டருக்கு ஒரு தடவை கவிழும் உள் வாளி ஏறக்குறைய 159 தடவை கவிழ வேண்டும்.