ஏழெட்டு எத்தனை?

மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் "ஏழெட்டு எத்தனை?" என்று திடீரெனக் கேட்டால், பதிலுக்கு முன் உதடு அசையும். ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினாலு என்று அடியிலிருந்து ராகம் போட்டு ஏறி வந்தால்தான் எட்டாம் படி கிடைக்கும். நடுவில் ஒரு படி தவறினால் 54 என்று சொல்லிவிடும். அது தப்பு என்று கண்டுபிடிக்க அந்த ராகத்தில் வழி கிடையாது.

வழி புளியங்கொட்டையில் இருக்கிறது. வரிசைக்கு 7 கொட்டை வீதம் 8 வரிசை அடுக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து கொட்டைக்கு அப்பால் வருமாறு ஒரு குச்சியைக் குறுக்கே வைத்தால் அடுக்கு இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் 8 வரிசையில் ஐந்தைந்து, அதாவது 40. வலப்பக்கம் 8 வரிசையில் இரண்டிரண்டு, 16. கூட்டினால் 56. ஏழாம் வாய்ப்பாடு தெரியாத பிள்ளையும் ஐந்தையும் இரண்டையும் வைத்தே விடையைக் கட்டிவிடுகிறது.

சில பிள்ளைகள் விரலை வைத்து ஒன்று, இரண்டு என்று 56 கொட்டையையும் எண்ணும். அப்படியானால் அடுக்கு இன்னும் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். முதல் வரிசையும் இடது ஓரமும் மட்டும் தெரியும்படி மீதியைத் தாளால் மூடிவிட்டுக் கேட்டால், எண்ண வழியில்லாமல் யோசிக்கத் தொடங்கும்.

அதே அடுக்கைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் வரிசைக்கு 8 வீதம் 7 வரிசை. இந்த ஒரு பார்வையால், பத்துக்குப் பத்து வாய்ப்பாட்டின் 100 பெருக்கல்கள் 55 ஆகச் சுருங்குகின்றன. அதில் 1, 2, 5, 10 சேர்ந்தவை எளிது. அவற்றைக் கழித்தால் உழைத்துப் படிக்க வேண்டியவை 21தான்!

ஏழேழாகத் தாவி எண்ணும்போது வேறொரு பிசகு நேரும். எண்கோட்டில் 0வில் நிற்காமல் 7இல் நின்றபடி முதல் தாவலை எண்ணத் தொடங்கும் பிள்ளை, மூன்று தாவலில் 21க்குப் பதில் 28இல் போய் நிற்கும். கால் எப்போதும் பூஜ்ஜியத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும்.

தாவிய எண்களைக் கரும்பலகையில் எழுதிக் கடைசி இலக்கத்தை மட்டும் வட்டமிட்டால் 7, 4, 1, 8, 5, 2, 9, 6, 3, 0 என்று வரும். பத்து இலக்கமும் ஒவ்வொரு முறைதான் வருகின்றன. மூன்றாம் வாய்ப்பாட்டில் 7 முதல் 3 வரையான ஒன்பது இலக்கமும் அப்படியே தலைகீழாக வரும். 70 வரை 4இல் முடிவது 14 மட்டுமே என்பதால், 54 ஏழாம் வாய்ப்பாட்டில் இருக்கவே முடியாது என்று பிள்ளையே சொல்லிவிடும்.

இதனால் மனப்பாடமே வேண்டாம் என்றாகாது. நீள் வகுத்தல் வரும்போது விடை நொடியில் நாக்கில் நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கொட்டை அடுக்கிக்கொண்டிருக்க முடியாது. முதலில் அடுக்கு, பிறகு பழக்கம் என்பதே முறை. வீட்டில் கேட்கும்போது வரிசையாக ஒப்பிக்கச் சொல்லாமல் நடுவிலிருந்து ஒன்றைக் கேளுங்கள், விடை வந்ததும் "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றும் கேளுங்கள்.