கூழாங்கல் கணித்த வணிகம்

நுழையும்முன்

நானூற்று ஐந்து என்பதை இன்று 405 என எழுதுகிறோம். நடுவிலுள்ள சுழியம் இல்லையெனில் அது 45 ஆகிவிடும். எழுத்தில் சுழியத்தைப் பயன்படுத்தாத காலத்திலும் கடல்கடந்த வணிகம் நடந்தது. பெருந்தொகைகள் கூட்டப்பட்டன, பெருக்கப்பட்டன, பங்கிடப்பட்டன. எழுத்தின் துணையின்றி இக்கணக்குகள் விரைவாக முடிந்தது எவ்வாறு? இவ்வினாவிற்கான விடையைப் புதுச்சேரியின் ஆற்றங்கரையிலிருந்து தேடத் தொடங்குவோம்.

அரிக்கமேட்டுச் சந்தை

புதுச்சேரி நகருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் அமைந்துள்ளது அரிக்கமேடு. 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் இங்கு அகழாய்வு நடத்தினார். மத்தியதரைக்கடற் பகுதியிலிருந்து வந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைந்த பகுதிகளும், இத்தாலி நாட்டுச் செந்நிறப் பளபளப்பு மட்கலங்களும், தமிழி எழுத்துகள் பொறித்த பானை ஓடுகளும் இங்குக் கிடைத்துள்ளன. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'எரித்திரியக் கடலின் பெரிப்ளஸ்' என்னும் நூல் குறிப்பிடும் 'பொதுகே' துறைமுகம் இதுவே என்பர் ஆய்வாளர்.

இத்தகைய சந்தையில் இரு மொழியினர், இருவகை நாணயம், இருவகை நிறையளவு ஆகியன ஒன்றையொன்று எதிர்கொண்டன. சாடிகளில் வந்த திராட்சை மதுவிற்கும் ஈடாகக் கொடுக்கப்படும் மணிகளுக்கும் துணிகளுக்கும் அங்கேயே விலை கணிக்க வேண்டும். வாங்குபவரும் விற்பவரும் ஒருவர் கணக்கை மற்றவர் கண்ணால் கண்டு ஏற்கவும் வேண்டும். உரோமானிய உலகின் வணிகர் இத்தேவைக்குப் பயன்படுத்திய கருவி கணக்குப்பலகை. கோடு கிழித்த ஒரு பலகையும் ஒரு பிடிக் கூழாங்கற்களுமே அதன் உறுப்புகள்.

மரப்பலகை மக்கிவிடும். மணலில் கிழித்த கோடு காற்றில் அழிந்துவிடும். எஞ்சும் கூழாங்கல்லோ பிற கூழாங்கற்களோடு கலந்துவிடும். ஆதலால் அகழாய்வில் கணக்குப்பலகையைக் காண்பது அரிது. கல்லில் செய்யப்பட்டதால் தப்பிப் பிழைத்த ஒன்று கிரேக்க நாட்டின் சலமிசு தீவில் 1846ஆம் ஆண்டு கிடைத்தது. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள அப்பளிங்குப் பலகையில் இணைகோடுகளும், நாணய மதிப்புகளைக் குறிக்கும் கிரேக்க எழுத்துகளும் பொறிக்கப்பட்டுள்ளன.

இடமே மதிப்பு

கணக்குப்பலகையின் அடிப்படை விதி ஒன்றே: கல்லுக்குத் தனி மதிப்பு இல்லை, அது நிற்கும் கோடே அதன் மதிப்பைத் தீர்மானிக்கும். வலப்புறக் கோட்டில் ஒரு கல் வைத்தால் ஒன்று. அதே கல்லை அடுத்த கோட்டிற்கு நகர்த்தினால் பத்து. அதற்கடுத்த கோட்டில் நூறு. கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியசு, அரசவையில் பணிபுரிவோரைக் கணக்குப்பலகையின் கற்களுக்கு ஒப்பிடுகிறார். கணக்கிடுபவர் விரும்பினால் ஒரு கல் செப்புக்காசாகவும் மறுகணமே பெருஞ்செல்வமாகவும் மாறுவதுபோல, அரசனின் தலையசைப்பில் அவர்தம் நிலை உயரும், தாழும் என்பது அவர் கருத்து.

178 சாடிகளோடு 256 சாடிகளைக் கூட்டுவதாகக் கொள்வோம். முதலில் நூறு, பத்து, ஒன்று ஆகிய கோடுகளில் முறையே 1, 7, 8 கற்களை வைக்க வேண்டும். அவற்றோடு 2, 5, 6 கற்களைச் சேர்க்க வேண்டும். இப்போது கோடுகளில் 3, 12, 14 கற்கள் உள்ளன. உண்மையில் கூட்டல் முடிந்துவிட்டது, எஞ்சியிருப்பது ஒழுங்குபடுத்துதலே. ஒன்றின் கோட்டிலிருந்து பத்துக் கற்களை எடுத்துவிட்டுப் பத்தின் கோட்டில் ஒரு கல் வைத்தால் 3, 13, 4. பத்தின் கோட்டிலிருந்து பத்துக் கற்களை எடுத்துவிட்டு நூறின் கோட்டில் ஒன்று வைத்தால் 4, 3, 4. விடை 434. இன்று நாம் 'மீதியை அடுத்த இடத்திற்குக் கொண்டு செல்லுதல்' என்று மனத்தில் செய்வதை அன்று கைகள் செய்தன.

பெருக்கலும் கடினமன்று. ஒரு சாடி 15 வெள்ளிக்காசு வீதம் 27 சாடிகளுக்கு விலை காண வேண்டும் எனக் கொள்வோம். எண்களைப் பிரித்து நான்கு சிறு பெருக்கல்களாகச் செய்யலாம்.

• இருபதைப் பத்தால் பெருக்க இருநூறு: நூறின் கோட்டில் 2 கற்கள்.
• இருபதை ஐந்தால் பெருக்க நூறு: நூறின் கோட்டில் மேலும் 1 கல்.
• ஏழைப் பத்தால் பெருக்க எழுபது: பத்தின் கோட்டில் 7 கற்கள்.
• ஏழை ஐந்தால் பெருக்க முப்பத்தைந்து: பத்தின் கோட்டில் மேலும் 3 கற்கள், ஒன்றின் கோட்டில் 5 கற்கள்.

இப்போது பலகையில் 3, 10, 5 கற்கள் நிற்கின்றன. பத்தின் கோட்டிலுள்ள பத்தையும் எடுத்துவிட்டு நூறின் கோட்டில் ஒன்று வைத்தால் நூறில் 4, பத்தில் ஏதுமில்லை, ஒன்றில் 5. விடை நானூற்று ஐந்து காசுகள். ஒன்பது வரையிலான வாய்பாடு மனத்தில் இருந்தால் போதும். எவ்வளவு பெரிய எண்ணையும் இவ்வாறே பெருக்கலாம்.

கைக்குள் அடங்கிய மணிச்சட்டம்

ஒரு கோட்டில் மூன்று கற்களோ நான்கு கற்களோ இருந்தால் கண் ஒரே பார்வையில் அறிந்துகொள்ளும். எட்டு, ஒன்பது எனப் பெருகும்போது எண்ணிப் பார்க்க நேரிடும். அங்கே விரைவு குறையும், பிழை நுழையும். இக்குறையை உரோமானியரின் வெண்கல மணிச்சட்டம் நீக்கியது. உள்ளங்கையில் அடங்கும் அத்தகட்டில் நீண்ட பிளவுகள் வெட்டப்பட்டு, அவற்றுள் நழுவாத குமிழ்மணிகள் பொருத்தப்பட்டிருந்தன. ஒவ்வோர் இடத்திற்கும் கீழ்ப்பிளவில் நான்கு மணிகள், மேற்பிளவில் ஒரு மணி. கீழ்மணி ஒன்றைக் குறிக்கும். மேல்மணி ஐந்தைக் குறிக்கும். ஏழு என்பதற்கு மேல்மணி ஒன்றும் கீழ்மணி இரண்டும் நகர்ந்தால் போதும்.

இதன் வலப்பகுதியில் பத்தின் அடிப்படையில் அமையாத ஒரு பிளவும் உண்டு. உரோமானியர் தம் நிறையையும் நாணயத்தையும் பன்னிரண்டாகப் பகுத்தனர். அதனால் அங்குக் கீழே ஐந்து மணிகளும், மேலே ஆறு என்னும் மதிப்புடைய ஒரு மணியும் இருந்தன. பதினொன்று வரை அதில் காட்டலாம். பன்னிரண்டானால் ஒன்றின் இடத்திற்கு ஒரு மணி ஏறும்.

எத்தனைக்கு ஒன்று மாற்றுவது என்பதை மட்டும் மாற்றினால் இம்முறை எந்த அளவை வாய்பாட்டிற்கும் பொருந்தும் என்பது இதனால் விளங்கும். தமிழர் பின்னக் கணக்கில் நான்கு முந்திரி ஒரு காணி, நான்கு காணி ஒரு மா, இருபது மா ஒன்று. முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20 ஆகும். இவற்றிற்கு மூன்று கோடுகள் கிழித்து, நான்கு, நான்கு, இருபது என மாற்றினால் அதே பலகை இக்கணக்கையும் செய்துவிடும்.

தெரிந்து தெளிவோம்

இலத்தீன் மொழியில் 'கால்குலஸ்' என்பது சிறு கூழாங்கல்லைக் குறிக்கும். இன்று கணிதத்தின் ஒரு பிரிவுக்கும், கணக்கிடும் 'கால்குலேட்டர்' கருவிக்கும் பெயரானது இக்கூழாங்கல்லே. சப்பான் நாட்டின் 'சொரொபன்' இன்றும் மேலே ஒரு மணி, கீழே நான்கு மணி என்னும் அமைப்பையே கொண்டுள்ளது.

பலகை கணிக்கும், ஏடு பதியும்

பலகையில் கிடைத்த நானூற்று ஐந்தைப் பழந்தமிழ் எண்களில் எழுதினால் ௪௱௫ ஆகும். நான்கு, நூறு, ஐந்து என்னும் மூன்று குறிகளே அதில் உள்ளன. பத்தின் கோடு வெறுமையாக இருப்பதால் பத்தின் குறியாகிய ௰ எழுதப்படவில்லை. உரோமானியரும் நூறின் குறியை நான்கு முறையும் ஐந்தின் குறியை ஒரு முறையும் எழுதி முடித்தனர். இவ்விரு முறைகளிலும் சுழியம் தேவைப்படவில்லை. ஆனால் இக்குறிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி இன்றைய முறையில் கூட்டவோ பெருக்கவோ முயன்றால் இடங்கள் நேர்படா. அவை கணிப்பதற்கான குறிகள் அல்ல. கணித்து முடித்த விடையைப் பதிவதற்கான குறிகள். கணிப்பைப் பலகை செய்தது. விடையை ஏடு ஏற்றது.

இப்பிரிவினையில் ஒரு குறையும் இருந்தது. ஒரு கல்லை நகர்த்தியவுடன் அதன் முந்தைய நிலை மறைந்துவிடும். இறுதியில் விடை மட்டுமே நிற்கும். வந்த வழி நிற்காது. கல்லொன்று தவறான கோட்டில் வைக்கப்பட்டாலும், கை பட்டு நகர்ந்தாலும் பிழை நேர்ந்த இடத்தைக் கண்டறிய இயலாது. கணக்கை முதலிலிருந்து மீண்டும் செய்து இரு விடைகளையும் ஒப்பிடுவதே வழி. கூட்டியதைத் திரும்பக் கழித்து, முதலில் வைத்த எண் வருகிறதா என்றும் பார்க்கலாம்.

சுழியத்துடன் கூடிய இந்திய இடமதிப்பு எண்கள் இக்குறையை நீக்கின. பலகையில் வெற்றுக்கோடு செய்த வேலையை எழுத்தில் சுழியம் செய்தது. பதிவும் கணிப்பும் ஒரே ஏட்டில் இணைந்தன. எனினும் மாற்றம் மெல்லவே நிகழ்ந்தது. இவ்வெண்களைக் கொண்டும் தூசி பரப்பிய பலகையில் எழுதி அழித்தே கணக்கிடும் வழக்கம் இருந்தது. பத்தாம் நூற்றாண்டில் திமிஷ்கு நகரில் அல்உக்லிதிசி என்பார், அழிக்காமல் தாளில் மையால் கணக்கிடும் முறையை நூலாக எழுதினார். 1299ஆம் ஆண்டிலோ, இத்தாலியின் புளோரன்சு நகர நாணய மாற்றுவோர் சங்கம் தன் உறுப்பினர் கணக்கேடுகளில் இப்புதிய எண்களை எழுதுவதைத் தடை செய்தது. சுழியத்தில் ஒரு கோடிழுத்தால் ஆறாகவோ ஒன்பதாகவோ மாற்றிவிடலாம் என்னும் அச்சம் அக்காலத்தில் நிலவியது.

இந்திய எண்கள் ஐரோப்பாவில் பரவிய பின்னரும் அங்குக் கணக்குமேசைகள் நெடுங்காலம் நீடித்தன. பிரெஞ்சு வணிகர் கோடிட்ட மேசையில் 'ழெத்தோன்' எனப்படும் உலோக வில்லைகளை வைத்துக் கணக்கிட்டனர். அம்மேசைக்குப் பிரெஞ்சு மொழியில் 'கோந்த்துவார்' என்று பெயர். கணக்கிடுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த அது, பின்னர்க் கடையின் விற்பனை மேசையையும், அதன்பின் கடல்கடந்த வணிகக் குடியிருப்பையும் குறிக்கலாயிற்று. 1674இல் பிரெஞ்சுக்காரர் வந்தமர்ந்த புதுச்சேரியும், பின்னர் அவர்கள் பெற்ற காரைக்கால், மாகே, ஏனாம், சந்திரநாகூர் ஆகியனவும் 'இந்தியக் கோந்த்துவார்கள்' என்றே அவர்களால் வழங்கப்பட்டன. நாம் பயணச்சீட்டு வாங்கும் 'கவுண்டர்' என்பதும் இச்சொல்லின் உறவே.

கற்பவை கற்றபின்

1. தரையில் நான்கு கோடுகள் கிழித்துப் புளியங்கொட்டைகளைக் கொண்டு 36ஐ 28ஆல் பெருக்குக. எக்கோடுகள் வெறுமையாக நிற்கின்றன? அவ்விடையைப் பழந்தமிழ் எண்ணிலும் இன்றைய எண்ணிலும் எழுதி ஒப்பிடுக.

2. மூன்று முந்திரி, மூன்று காணி ஆகியவற்றோடு ஒரு முந்திரியைக் கூட்டினால் என்னாகும்? கோடுகளில் வைத்துக் காட்டுக.