ஞாயிறு யாருக்கு ஆஃப்?

மாதக் கடைசியில் ஆஸ்பத்திரி வார்டுகளில் அடுத்த மாதத்து டியூட்டி லிஸ்ட் ஒட்டப்படும். நர்ஸ்கள் அதன் முன் நிற்கும் விதத்தைக் கவனித்தால் ஒன்று புரியும். முதலில் தன் பெயருக்கு நேரே எத்தனை நைட் என்று விரலால் எண்ணுவார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமைக் கட்டங்களைத் தேடுவார்கள். அடுத்ததாக விரல் மெல்லப் பக்கத்துப் பெயருக்கு நகரும். வார்டில் நடக்கும் மனஸ்தாபங்களில் பெரும்பகுதி அந்த மூன்றாவது பார்வையில்தான் பிறக்கிறது.

லிஸ்ட் போடும் இன்சார்ஜ் சிஸ்டரைக் கேட்டால், "எல்லாருக்கும் சமமாத்தான் போட்டிருக்கேன்" என்பார். அவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர் எண்ணியது நைட்டை. மற்றவர்கள் எண்ணுவது ஞாயிற்றை. எதை எண்ணுகிறோம் என்று முதலில் பேசி முடிக்காத வார்டில் எல்லோருடைய கணக்கும் சரியாகவே இருக்கும், சண்டையும் ஓயாது.

ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரி வார்டை மனதில் வைத்துப் பார்ப்போம். எந்த நேரமும் இரண்டு நர்ஸ்கள் இருக்க வேண்டும். காலை டியூட்டி 7 மணி முதல் 2 வரை. மதியம் 2 முதல் 9 வரை. இரவு 9 முதல் மறுநாள் காலை 7 வரை. ஸ்டாஃப் நர்ஸ்கள் எட்டுப் பேர், அதாவது நான்கு ஜோடி. லீவு விழும் இடத்தை நிரப்ப ஒரு ரிலீவர். பகலில் இன்சார்ஜ் சிஸ்டர்.

வழக்கமான முறையில் ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் நைட் என்று சுற்றுவார்கள். வீக்லி ஆஃப் மட்டும் ஆளுக்கொரு கிழமை என்று நிலையாக இருக்கும். சீனியருக்கு ஞாயிறு, புதிதாக வந்தவருக்குச் செவ்வாயோ புதனோ. ஆண்டு முடிவில் நைட்டைக் கூட்டினால் எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கை வரும். ஆனால் செவ்வாய் ஆஃப்காரர் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையோடு ஒரு முழு விடுமுறை நாளைக்கூடக் கழித்திருக்க மாட்டார். காரணம் எளிது. வாரமும் ஏழு நாள், சுற்றும் ஏழு நாள் என்றால் கிழமை ஆளோடு ஒட்டிக்கொண்டுவிடும். நல்ல மனசுள்ள இன்சார்ஜ் கிடைத்தாலும் அது தானாக நகராது.

சுற்றை எட்டு நாளாக்கினால் நகரும். இரண்டு காலை, இரண்டு மதியம், இரண்டு நைட், இரண்டு ஆஃப். முதல் ஜோடி திங்கட்கிழமை தொடங்கினால் திங்கள், செவ்வாய் காலை. புதன், வியாழன் மதியம். வெள்ளி, சனி நைட். ஞாயிறும் அடுத்த திங்களும் ஆஃப். அடுத்த சுற்று செவ்வாய்க்கிழமை தொடங்கும், அதற்கடுத்தது புதன்கிழமை. மற்ற மூன்று ஜோடிகளும் இரண்டிரண்டு நாள் தள்ளி இதே வரிசையில் வருவதால் எந்த ஷிப்ட்டும் காலியாக இருக்காது. 56 நாளில் கிழமைகள் முழுச் சுற்று வந்துவிடும். அந்த எட்டு வாரத்தில் ஒவ்வொருவருக்கும் 14 நைட். எட்டு ஞாயிறுகளில் இரண்டு காலை, இரண்டு மதியம், இரண்டு நைட், இரண்டு ஆஃப். சனிக்கிழமைக்கும் இதே பங்குதான். வேலை நேரம் எட்டு நாளைக்கு 48 மணி. வாரக் கணக்கில் 42.

காகிதத்தில் இதைவிடச் சமமாகப் பிரிக்க முடியாது. ஆனாலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. அந்த இரண்டு ஆஃப் ஞாயிறுகளில் ஒன்று, சனிக்கிழமை நைட் முடித்துவிட்டு ஞாயிறு காலை 7 மணிக்கு வெளியே வரும் ஞாயிறு. பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்க் குளித்துப் படுத்தால் எழுந்திருக்கும்போது சாயங்காலம். லிஸ்ட்டில் அது ஆஃப். வீட்டில் அது தூக்கம். 56 நாளில் உருப்படியாகக் கிடைக்கும் ஞாயிறு ஒன்றே ஒன்று.

நம் சட்டமும் இந்த இடத்தைத் தொட்டிருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நள்ளிரவைத் தாண்டும் ஷிப்ட்காரர்களுக்கு, ஷிப்ட் முடிந்த நேரத்திலிருந்து தொடர்ச்சியான 24 மணி நேரத்தையே ஒரு நாள் விடுமுறை என்று வரையறுத்தது. நள்ளிரவிலிருந்து எண்ணி, ஏற்கெனவே வேலை பார்த்த ஏழு மணி நேரத்தையும் விடுமுறைக்குள் தள்ளிவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். நல்ல பாதுகாப்புதான். ஆனால் சட்டம் மணியை மட்டுமே எண்ணும்; அந்த மணிகளில் பாதி தூக்கத்துக்குப் போவது அதன் கணக்கில் வராது. ஆகவே வார்டின் கணக்குத் தாளில் 'நைட் இறங்கிய ஞாயிறு', 'முழு ஞாயிறு' என்று இரண்டு கட்டங்கள் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரே கட்டத்தில் போட்டால் புள்ளி சமமாகவும் வயிற்றெரிச்சல் அப்படியேயும் இருக்கும்.

பண்டிகை வேறு விவகாரம். 2025-இல் தீபாவளி அக்டோபர் 20. 2026-இல் நவம்பர் 8. இடையில் 384 நாள். எட்டால் வகுத்தால் சரியாக 48 சுற்று, மீதியே இல்லை. அதாவது சுற்றைக் கலைக்காமல் ஓட்டினால், போன தீபாவளிக்கு நைட் பார்த்த அதே ஜோடிதான் இந்தத் தீபாவளிக்கும் நைட் பார்க்கும். யாரும் யாரையும் ஓரவஞ்சனை செய்யவில்லை. சாதாரண ஆண்டுகளில் 354 நாள் இடைவெளியில் வரும் தீபாவளி, சந்திரக் கணக்கில் ஒரு மாதம் கூடும் ஆண்டில் 384 நாள் தள்ளி வருகிறது. ஆனால் அந்த ஜோடியிடம் போய்க் கணக்குச் சொல்லிப் பாருங்கள்.

எனவே தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு, ரம்ஜான் போன்றவற்றைச் சுற்றிலிருந்து வெளியே எடுத்துத் தனித் தாளில் வைக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொருவரும் தனக்கு முக்கியமான ஒரு நாளை ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதிக்கொடுப்பது ஒரு வழி. கிறிஸ்தவ நர்ஸ்கள் நிறைந்த வார்டில் டிசம்பர் 25-க்குத் தட்டுப்பாடு வரும். போன ஆண்டு கிடைக்காதவருக்கு இந்த ஆண்டு முதலிடம். இதற்குப் போன ஆண்டுத் தாள் கையில் இருக்க வேண்டும். பெரும்பாலான வார்டுகளில் அது இருக்காது. ஜனவரி வந்தால் பழைய லிஸ்ட் எடைக்குப் போய்விடும், யார் எப்போது விட்டுக்கொடுத்தார் என்பது வாய்ப்பேச்சாக மட்டும் மிஞ்சும்.

ஒட்டிய லிஸ்ட் ஒட்டியபடி நடப்பதும் இல்லை. "அக்கா, சனிக்கிழமை நைட்டை நீங்க பாருங்க, செவ்வாய் நைட்டை நான் பாக்குறேன்" என்று போனிலேயே மாற்றிக்கொள்வார்கள். இது இல்லாமல் எந்த வார்டும் ஓடாது. ஆனால் சுவரில் ஒரு லிஸ்ட், வாட்ஸ்அப்பில் அதற்கு முந்தைய போட்டோ, நடப்பது மூன்றாவது ஒன்று என்று ஆகிவிடும். நன்றாக நடக்கும் இடங்களில் ஒயிட்னர் கிடையாது. பழைய பெயரின் மேல் ஒரே கோடு, பக்கத்தில் புதுப் பெயர், இருவர் கையெழுத்து, தேதி. அடிபட்ட பெயர் படிக்கும்படி இருப்பதுதான் முக்கியம்.

ஏனென்றால் இரண்டு கணக்கு தேவைப்படுகிறது. ஒன்று, யாருக்கு எது ஒதுக்கப்பட்டது. மற்றொன்று, யார் உண்மையில் பார்த்தார். நியாயத்தை முதல் கணக்கில் பார்க்க வேண்டும். விருப்பப்பட்டு மாற்றிக்கொண்டது அவர்களுக்குள் தீரும். அதை வைத்து "எனக்கு ஒரு நைட் கூடிவிட்டது" என்று பிறகு கேட்க முடியாது. நைட் அலவன்ஸும் உடம்பும் இரண்டாவது கணக்கைச் சேர்ந்தவை. மதியம் பார்த்து இரவு 9 மணிக்கு இறங்கியவர், வேறொருவருக்காக மறுநாள் காலை 7-க்கு ஏறினால் நடுவில் பத்து மணி நேரம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் வேலைநேர விதி இரண்டு வேலை நாளுக்கு நடுவே குறைந்தது 11 மணி நேரம் தொடர் ஓய்வு கேட்கிறது. இருவரும் சம்மதித்துவிட்டார்கள் என்பதற்காக இன்சார்ஜ் அந்த மாற்றத்துக்குக் கையெழுத்துப் போடக் கூடாது. ஊசி மருந்து அளவைச் சரிபார்க்க வேண்டியவர் அவர்தான்.

உடம்பு சரியில்லாமல் ஒருவர் வராமல் போனால்? கடைசி நேரத்தில் டபுள் டியூட்டி பார்த்தவருக்கு ஒரு நைட் வரவு வைக்கலாம். வராதவர் பெயரில் பற்று எழுதினால் காய்ச்சலோடு வார்டுக்கு வந்து நிற்பார்கள். அந்த வரவை ரிலீவரின் நாளிலிருந்து தீர்ப்பதுதான் சரி. ரிலீவரே இல்லாமல் எட்டுப் பேரை வைத்தே ஓட்டும் நிர்வாகம் எந்த முறையைப் போட்டாலும் நியாயம் நிற்காது. குறை ஆள் எண்ணிக்கையில் இருக்கும், பழி இன்சார்ஜ் தலையில் விழும்.

கணக்குத் தாள் வந்ததும் அதற்கென்று ஒரு புதுத் தப்பு வரும். திடீரென ஆள் வேண்டும் என்றால், குறைவாக நைட் பார்த்தவரைக் கூப்பிடுவது என்று விதி வைத்திருப்பார்கள். நியாயம்தான். போன வாரம் சேர்ந்த பெண்ணின் கணக்கு பூஜ்யம். பிரசவ லீவு முடிந்து வந்தவரின் கணக்கும் அப்படியே தேங்கி நிற்கும். விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றினால் அடுத்த ஒரு மாதத்துக்கு எல்லா அவசர நைட்டும் இந்த இருவருக்கே போகும். சேரும் நாளிலும் திரும்பும் நாளிலும் அவர்கள் பெயருக்கு வார்டின் சராசரியை எழுதித் தொடங்கினால் இது தீர்ந்துவிடும்.

விலக்குதான் பேசத் தயங்கும் பகுதி. கர்ப்பிணிக்கோ, சிகிச்சையில் இருப்பவருக்கோ நைட் வேண்டாம் என்று முடிவாகும். எட்டு வாரத்தில் மொத்தம் 112 நைட். எட்டுப் பேருக்கு 14 வீதம் இருந்தது ஏழு பேருக்கு 16 ஆகும். ஆளுக்கு இரண்டு நைட் அதிகம் என்று சொன்னால் யாரும் முறைக்க மாட்டார்கள். சொல்லாமல் லிஸ்ட்டில் நுழைத்தால், "அவங்க இன்சார்ஜுக்கு வேண்டியவங்க" என்று பேச்சு கிளம்பும். அதே நேரம் காரணத்தைச் சுவரில் எழுத வேண்டிய அவசியமும் இல்லை. ஒருவருடைய உடம்பு விஷயம் வார்டுக்குப் பொது அல்ல. விலக்கு இருக்கிறது, எந்தத் தேதி வரை, அதனால் மற்றவர்களுக்கு எத்தனை கூடுகிறது என்ற மூன்றும் தெரிந்தால் போதும். முடியும் தேதி எழுதாத விலக்குகள்தான் ஆண்டுக்கணக்கில் நீண்டு சலுகையாக மாறுகின்றன.

ஒரு வார்டில் முறை பிசகுகிறதா என்று பார்க்க இந்தத் தாள்களில் ஒரு வரியைத் தேடினால் போதும். மாற்றங்கள் ஒரே திசையில் ஓடுகின்றனவா? எட்டு வாரத்தில் ஒருவர் சனிக்கிழமை நைட்டை இரண்டு முறை கொடுத்து, ஒரு முறையும் வாங்கவில்லை என்றால், எதிரில் வாங்கியவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அவர் கடைசியாகச் சேர்ந்தவராக இருப்பார். இரண்டு கையெழுத்தும் இருக்கும், விருப்பம் இருந்திருக்காது. நைட் அலவன்ஸ் தேவைப்பட்டு அவரே கேட்டு வாங்கியிருக்கவும் கூடும். தாள் அதைச் சொல்லாது. இன்சார்ஜ் தனியே கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

இன்சார்ஜே லிஸ்ட் போட்டு இன்சார்ஜே கணக்கும் வைக்காமல், கணக்குத் தாளை இரண்டு மாதத்துக்கு ஒருவர் என்று ஸ்டாஃப் நர்ஸ்களே மாறி மாறி எழுதினால் இந்தத் திசை சீக்கிரம் கண்ணில் படும். இன்சார்ஜுக்கு நைட் கிடையாது என்பதும் அந்தத் தாளில் ஒரு வரியாக இருக்கட்டும். எல்லோருக்கும் தெரிந்ததுதான், எழுதிவைத்தால் ஒன்றும் குறையாது.