நட்சத்திரத்தைத் துரத்தும் மோட்டார் ஏன் பின்தங்குகிறது?

ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதன் ஒரு அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்திருக்கிறது. பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் மேற்கே நகர்வதுபோலத் தெரியும். அந்த அச்சை மட்டும் சீரான வேகத்தில் சுழற்றினால் தொலைநோக்கி நட்சத்திரத்தைத் தொடரும். தேவைப்படும் வேகம் விநாடிக்கு சுமார் 15 ஆர்க் செகண்ட். ஒரு டிகிரியை 3600 கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறுதான் ஆர்க் செகண்ட்.

இத்தகைய தொலைநோக்கியைச் சுழற்றும் மோட்டாருக்கு எளிமையான ஒரு கட்டுப்பாட்டைக் கொடுத்துப் பார்ப்போம். தொலைநோக்கி எங்கே நோக்குகிறது என்பதை அச்சில் பொருத்திய என்கோடர் சொல்லும். நோக்க வேண்டிய இடத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளிதான் பிழை. பிழை எவ்வளவோ அதற்கேற்ற மின்னழுத்தம் மோட்டாருக்குப் போகும். ஆரம்பத் தடுமாற்றமெல்லாம் அடங்கிய பிறகும் மிஞ்சி நிற்கும் பிழையைப் பொறியியல் மாணவர்கள் ‘ஸ்டெடி ஸ்டேட் எரர்’ என்பார்கள். இங்கே அதை நிலைத்த பிழை என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் தொலைநோக்கியை ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் திருப்பி, அங்கேயே நிற்கச் சொல்வோம். கட்டளை ஒரே தாவலில் மாறுவதால் இது படி உள்ளீடு, அதாவது ஸ்டெப். பிழை இருக்கும்வரை மோட்டார் ஓடும். பிழை பூஜ்யமானதும் மின்னழுத்தமும் பூஜ்யமாகி நின்றுவிடும். நின்றாலும் அச்சு திரும்பி வந்துவிடாது, போன இடத்திலேயே இருக்கும். ஆக நிலைத்த பிழை பூஜ்யம். (உண்மையான இயந்திரத்தில் உராய்வு ஒரு துளி பிழையை விட்டுவைக்கும் என்பது வேறு விஷயம்.)

இனி நட்சத்திரத்தைத் தொடரச் சொல்வோம். கட்டளை சீரான வேகத்தில் ஏறிக்கொண்டே போவதால் இது ராம்ப் உள்ளீடு. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. விநாடிக்கு 15 ஆர்க் செகண்ட் ஓட மோட்டாருக்கு மின்னழுத்தம் வேண்டும். அந்த மின்னழுத்தம் பிழையிலிருந்து மட்டுமே பிறக்கிறது. பிழை பூஜ்யமானால் மோட்டார் நின்றுவிடும், நட்சத்திரமோ நகர்ந்துகொண்டே இருக்கும். எனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டுமானால் தொலைநோக்கி எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே இருந்தாக வேண்டும். ஒரு ஆர்க் செகண்ட் பிழைக்கு விநாடிக்கு 50 ஆர்க் செகண்ட் வேகம் பிறக்கும்படி அமைத்திருந்தால், பின்தங்கல் 15/50, அதாவது 0.3 ஆர்க் செகண்ட். அந்த 50-க்குப் பாடநூல்கள் இட்ட பெயர் Kv.

மாறாத 0.3 ஆர்க் செகண்ட் பின்தங்கலால் வானியலாளருக்குப் பெரிய தொல்லை இல்லை. படம் கலங்காது, சற்றே தள்ளி விழும், அவ்வளவுதான். பிழை வளர்ந்துகொண்டே போனால்தான் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் கோடாக விழும்.

இந்த அமைப்பு டைப்-1 வகை. மோட்டாரின் வேகம் நேரத்தோடு சேர்ந்து சேர்ந்துதான் அச்சின் நிலையாகிறது. அதாவது சுற்றுக்குள் தொகையீடு ஒருமுறை நடக்கிறது. அப்படி எத்தனை தொகையீடுகள் இருக்கின்றனவோ, அதுதான் டைப் எண். ஒன்றுகூட இல்லாவிட்டால் டைப்-0. ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சினில் சுழன்ற குண்டு கவர்னர் அந்த ரகம். பளு கூடினால் அதிக நீராவி வேண்டும். குண்டுகள் தாழ்ந்தால்தான் வால்வு கூடுதலாகத் திறக்கும். வேகம் குறைந்தால்தான் குண்டுகள் தாழும். எனவே வேகம் சற்றுக் குறைந்த நிலையிலேயே எஞ்சின் நிலைகொள்ளும். படி உள்ளீட்டுக்கே அங்கே பிழை மிஞ்சுகிறது.

அடுத்து, தலைக்கு மேலே பறக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தைத் தொடர்வோம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், விநாடிக்கு ஏறத்தாழ 7.6 கிலோமீட்டர் வேகத்தில் அது போகிறது. அடிவானத்தருகே மெல்ல ஊர்வது, உச்சிக்கு வரும்போது விநாடிக்கு சுமார் 1.1 டிகிரி வேகம் எடுக்கிறது. பழைய கட்டுப்பாட்டையே நம்பினால் உச்சியில் பின்தங்கல் கிட்டத்தட்ட 79 ஆர்க் செகண்ட். 109 மீட்டர் நீளமுள்ள அந்த நிலையமே அப்போது சுமார் 56 ஆர்க் செகண்ட் அகலம்தான் தெரியும்! பின்தங்கல் நிலையத்தைவிடப் பெரிது.

வேகமே மாறிக்கொண்டு போகும் இத்தகைய கட்டளைக்குப் பாடநூலின் மாதிரி, பரவளைய உள்ளீடு. வேகம் கூடக் கூட டைப்-1-இன் பிழையும் கூடும். அது முடிவிலிக்குப் போகும் என்பது சூத்திரம். நிலையம் சில நிமிடங்களில் மறைந்துவிடுவதால் முடிவிலியை யாரும் பார்ப்பதில்லை, வளரும் பிழையைத்தான் பார்க்கிறார்கள்.

Kv-ஐப் பத்து மடங்காக்கினால் என்ன? பின்தங்கல் பத்தில் ஒன்றாகும் என்பது சரிதான். ஆனால் பெரிய இரும்புச் சட்டகத்துக்கென்று ஒரு இயல்பான அதிர்வு உண்டு. ஓரளவுக்கு மேல் முடுக்கினால் மொத்தக் கருவியும் ஆட ஆரம்பித்துவிடும்.

மாற்று வழி, கட்டுப்பாட்டுக்குள் இன்னொரு தொகையீட்டைச் சேர்ப்பது. மளிகைக்கடைக் கணக்கு நோட்டில் பாக்கி ஏறுவதுபோல ஒவ்வொரு கணத்துப் பிழையும் அங்கே கூட்டப்படும். மோட்டாருக்குப் பிழையின் பங்கோடு இந்தக் கூட்டுத்தொகையின் பங்கும் சேர்ந்து போகும். இப்போது பிழை பூஜ்யமானாலும், சேர்ந்து நிற்கும் தொகை மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருக்கும். இது டைப்-2. சீராக நகரும் நட்சத்திரத்துக்குப் பிழை பூஜ்யம். விண்வெளி நிலையத்தின் கோண முடுக்கம் அதிகபட்சம் விநாடி வர்க்கத்துக்கு சுமார் 48 ஆர்க் செகண்ட். Ka என்னும் மாறிலி 25 என்றால் பிழை 48/25, இரண்டு ஆர்க் செகண்டுக்கும் கீழே.

இதன் கணிதம் ஒரே வரியில் அடங்கும்: s → 0 ஆகும்போது sR(s)/(1+G(s)) நெருங்கும் மதிப்பே நிலைத்த பிழை. படிக்கு R என்பது 1/s, ராம்புக்கு 1/s², பரவளையத்துக்கு 1/s³. G-க்குள் இருக்கும் ஒவ்வொரு தொகையீடும் ஒரு 1/s-ஐக் கொண்டுவருகிறது. உள்ளீட்டின் அடுக்கைவிட டைப் ஒன்று குறைவாக இருந்தால் பிழை ஒரு அளவோடு நிற்கும். சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் பூஜ்யம். அதையும்விடக் குறைந்தால் கட்டுக்கடங்காமல் வளரும். ஒரு நிபந்தனை: சுற்று தள்ளாடாமல் நிலைகொள்வதாக இருக்க வேண்டும். நிலைகொள்ளாத சுற்றுக்கும் இந்தச் சூத்திரம் கூசாமல் பூஜ்யம் என்று சொல்லும். தொலைநோக்கி ஆடிக்கொண்டிருக்கும்போது தாளில் பிழை இல்லை என்று எழுதியிருக்கும்.

டைப் எண்ணை ஏற்றுவதற்கு விலையும் உண்டு. டைப்-2 தொலைநோக்கியைப் புதிய இடத்துக்குத் திருப்பி நிறுத்தினால், அது இலக்கைத் தாண்டிப் போய்த்தான் திரும்பி வரும். நின்றபின் மோட்டாருக்கு மின்னழுத்தம் வேண்டாம், எனவே நோட்டின் பாக்கி பூஜ்யமாகியாக வேண்டும். போகும் வழியில் ஏறியதைக் கழிக்க எதிர்த்திசைப் பிழை தேவை. அந்தத் தாண்டல் வடிவமைப்பின் குறையல்ல, தவிர்க்கவே முடியாதது. அதனால் நீண்ட திருப்பத்தின்போது தொகையீட்டை அணைத்துவைத்து, இலக்கை நெருங்கியதும் இயக்குவது வழக்கம். டைப்-3 இன்னும் சுலபமாகத் தடுமாறும் என்பதால் அரிதாகவே பயன்படுகிறது.

விண்வெளி நிலையத்தின் பாதை முன்கூட்டியே தெரிந்ததுதான். ஆகவே, எந்தக் கணத்தில் எவ்வளவு வேகம் வேண்டும் என்று கணக்கிட்டு, பிழைக்குக் காத்திராமல் மோட்டாருக்கு நேரடியாகக் கொடுத்துவிடலாம். டைப் எண்ணை ஏற்றாமலே பின்தங்கல் பெருமளவு குறையும். காற்று விஷயத்தில் இது செல்லாது. சீராக வீசும் காற்று அச்சைத் தள்ளும்போது எதிர்த்து நிற்க மோட்டாருக்கு மின்னழுத்தம் வேண்டும். எவ்வளவு என்று முன்பே யாருக்கும் தெரியாது. மோட்டாரின் சொந்தத் தொகையீடு காற்று தள்ளும் இடத்துக்குப் பின்னால் இருப்பதால் இங்கே உதவாது. கட்டுப்பாட்டுக்குள் சேர்த்த தொகையீடுதான் காற்றின் தள்ளலை மெல்ல மெல்லக் கணக்கில் ஏற்றிக்கொண்டு பிழையைப் பூஜ்யமாக்குகிறது.