உறைவிந்து: கொள்கலனிலிருந்து கருப்பை வரை

ஊட்டி, ஈச்சங்கோட்டை உறைவிந்து நிலையங்களில் தயாராகும் உறைவிந்துக் குச்சிகள், மைனஸ் 196 டிகிரி குளிருள்ள திரவ நைட்ரஜனில் மூழ்கியபடியே கிராமக் கால்நடை மருந்தகங்களுக்கு வருகின்றன. ஒரு குச்சியில் இருப்பது கால் மில்லி விந்து. நைட்ரஜன் தானாக ஆவியாகிக் குறைவதால், அளவுகோலைக் கொள்கலனுக்குள் விட்டெடுத்து, அதில் படியும் வெண்பனியின் உயரத்தைக் கொண்டு மட்டம் பார்ப்பார்கள்.

குச்சியைத் தேடும்போது, குச்சிகள் இருக்கும் குவளையைக் கொள்கலனின் கழுத்துக்கு மேலே தூக்கக் கூடாது. சில விநாடி வெப்பம் பட்டாலே உயிரணுக்கள் கெடத் தொடங்கும். மீண்டும் நைட்ரஜனில் அமிழ்த்தினாலும் அந்தச் சேதம் சரியாகாது. குச்சியை வெளியிலிருந்து பார்த்தும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

எடுத்த குச்சியை 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைக்க வேண்டும். திண்டுக்கல் சமவெளியின் கோடையில் மாடித்தொட்டித் தண்ணீரே அதைவிடச் சூடாக இருக்கலாம். கைப்பக்குவம் போதாது, வெப்பமானி அவசியம்.

பிறகு குச்சியை ஈரமின்றித் துடைத்து, கருவூட்டல் கருவியில் பொருத்தி, முனையை நேராக வெட்டி, உறை மாட்டுவார்கள். உறைநிலை நீக்கிய விந்தைக் கால் மணி நேரத்துக்குள் செலுத்திவிட வேண்டும். இடது கை மலக்குடல் வழியே கருப்பைக் கழுத்தைப் பிடித்துக்கொள்ள, வலது கை கருவியை அதனூடே செலுத்தும். முனை கழுத்தைத் தாண்டியதும் நிறுத்தி, கருப்பையின் உடற்பகுதியில் விந்தை மெதுவாக விட வேண்டும். இன்னும் உள்ளே தள்ளினால் கருப்பையின் உட்சுவர் காயப்படும்.