பேத்தியின் பெயரும் பிறப்புப் பதிவேடும்

‘பேரன்’ என்ற சொல்லுக்குப் பொருளே பெயரைத் தாங்கியவன் என்பதுதான். பெயரன் என்பது பேரன் ஆயிற்று. பெயர்த்தி என்பது பேத்தி ஆயிற்று. பாட்டன் பாட்டியின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது தமிழர் குடும்பங்களில் அத்துணை இயல்பாக இருந்தமையால், உறவுமுறைக்கே அப்பெயர் வந்துவிட்டது. நெல்லைச் சீமையில் தலைப்பிள்ளைக்குத் தந்தைவழிப் பாட்டனின் பெயர், அடுத்த பிள்ளைக்குத் தாய்வழிப் பாட்டனின் பெயர் என்று வரிசையாக இட்டு வந்த வீடுகள் பல. பெண் குழந்தைகளுக்கும் அவ்வாறே.

ஆயினும் முன்னோர் பெயர் ஒன்றையே பற்றி நின்றனர் என்று எண்ணிவிடலாகாது. ஒட்டப்பிடாரத்தில் பிறந்து தூத்துக்குடியில் கப்பல் ஓட்டிய வ.உ.சிதம்பரனாரின் தந்தையார் உலகநாதப் பிள்ளை. சிதம்பரனார் தம் புதல்வர் ஒருவருக்கு அந்த உலகநாதன் என்ற பெயரையே இட்டார். ஆறுமுகம், சுப்பிரமணியம் என்று முருகன் பெயரை இருவருக்குச் சூட்டினார். மற்றொரு புதல்வரின் பெயரோ வாலேஸ்வரன். சிறை சென்றதால் பறிபோன வழக்கறிஞர் உரிமையை மீட்டுத் தந்த வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதிக்கு நன்றியாக, அவர் பெயரோடு ‘ஈஸ்வரன்’ என்ற ஒலி இயைந்து வருமாறு அமைத்த பெயர் அது. குலக்கடன், வழிபாடு, செய்ந்நன்றி ஆகிய மூன்றும் ஒரே வீட்டில் நிறைவேறின. பிள்ளைகள் பலர் இருந்ததால் அது கைகூடிற்று. இன்று ஒரு வீட்டில் ஒரு குழந்தை, மிஞ்சினால் இரண்டு. அத்தனை பேருடைய விருப்பமும் ஒரே தொட்டிலின்மீது வந்து இறங்குகிறது.

சங்கு குளிப்போரும் நாட்டுப்படகு மீனவரும் நெருங்கி வாழும் திரேஸ்புரத்தில் அப்படிப்பட்ட வீடு ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு இதனை ஆராயலாம். விசாக நட்சத்திரம் மூன்றாம் பாதத்தில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அக்குழந்தையின் தாத்தாவுக்கு, மறைந்த தம் தாயாரின் பெயராகிய ‘தெய்வானை’ வேண்டும். தாயைப் பெற்ற பாட்டியோ, தூத்துக்குடி சங்கரராமேஸ்வரர் ஆலயத்து அம்பிகையிடம் நேர்ந்துகொண்டவர். ஆகவே அம்பிகையின் திருநாமமாகிய ‘பாகம்பிரியாள்’ என்றே வைக்க வேண்டும் என்கிறார். பெற்றோர் இருவரும் ‘தியா’ என்ற சிறு பெயரை முன்பே முடிவு செய்து வைத்திருக்கின்றனர். தியா என்றால் வடக்கே விளக்கு என்று பொருள் சொன்னதும், பாட்டி சற்று இளகினாலும் தாத்தா இளகவில்லை.

இத்தகைய வீடுகளில் முதலில் கையில் எடுக்கப்படுவது பஞ்சாங்கம். நட்சத்திரத்தின் நான்கு பாதங்களுக்கும் நான்கு எழுத்துகள் அதில் குறிக்கப்பட்டிருக்கும். விசாகத்துக்கு அவை தி, து, தே, தோ. மூன்றாம் பாதமாதலால் இக்குழந்தைக்கு உரிய எழுத்து ‘தே’. தியா என்பது முதல் பாதத்து எழுத்தில் தொடங்குவது என்று தாத்தா எடுத்துக்காட்டலாம். தெய்வானையில் இருப்பது ‘தெ’ என்ற குறில்தானே, ‘தே’ அன்றே என்று பெற்றோரும் மறுக்கலாம். இந்த எழுத்து முறை வடமொழி வழியே வந்தது. வடமொழியில் எகரக் குறிலுக்குத் தனி எழுத்து இல்லை. எனவே தெ, தே இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும் சோதிடர் உண்டு.

எழுத்து முறைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஆயில்யத்துக்குரிய எழுத்துகள் டி, டு, டே, டோ. தமிழ்ச் சொல் எதுவும் டகரத்தில் தொடங்குவதில்லை. பூசத்துக்கோ ஹு, ஹே, ஹோ, ட என்று வருகிறது. அந்நட்சத்திரங்களில் பிறந்த குழந்தைகளுக்கு அவ்வெழுத்தில் பெயர் தேடி அலைந்து, பொருளற்ற ஒலிக்கூட்டம் ஒன்றைச் சூட்டிவிடுவதைக் காட்டிலும், வழிபடு தெய்வத்தின் பெயரை வைப்பதே மேல். நட்சத்திரப் பெயர் வேறு, ஊரார் அழைக்கும் பெயர் வேறு என்று நாமகரண முறையிலேயே பகுத்து வைத்திருக்கின்றனர். நட்சத்திரத்தை ஒட்டி ஒரு பெயர், பிறந்த மாதத்தின் தெய்வத்தை ஒட்டி ஒரு பெயர், உலக வழக்குக்கு ஒரு பெயர் என்று ஒரே குழந்தைக்குப் பல பெயர்கள் இடப்படுவதுண்டு. தாம்பாளத்தில் பரப்பிய பச்சரிசியில் எழுதி, குழந்தையின் வலச் செவியில் மும்முறை ஓதும்போது, ஒரு பெயரைத்தான் ஓத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மாறாக, பிறப்புப் பதிவேட்டில் பெயருக்கு ஒரே இடந்தான் உண்டு. வீட்டுச் சண்டைகளில் பெரும்பகுதி இந்த வேறுபாட்டைப் பாராமையால் எழுவது. சடங்கு எத்தனை பெயரையும் ஏற்கும்; பதிவேடு ஒன்றைத்தான் ஏற்கும்.

அந்த ஒன்றுக்கும் அவசரம் இல்லை. பிறப்பை 21 நாள்களுக்குள் பதிய வேண்டும் என்பது விதி. பெயர் சூட்டுவதோ பதினோராம் நாள், பதினாறாம் நாள், முப்பதாம் நாள் என்று வீட்டுக்கு வீடு மாறும். முப்பதாம் நாள் தொட்டில் இடும் வீட்டில், பதிவு முடிந்த பிறகே பெயர் பிறக்கிறது. இதனை எண்ணியே, 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், பெயர் இல்லாமலும் பிறப்பைப் பதிய இடம் தந்திருக்கிறது. ஓராண்டுக்குள் பெற்றோர் பெயரைத் தெரிவித்தால் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்வர். அதற்குப் பின் தாமதக் கட்டணத்துடன் பதினைந்து ஆண்டுகள் வரை சேர்க்கலாம். ஆகவே மருத்துவமனையில் பெயர் கேட்கும்போது, குடும்பம் ஒரு முடிவுக்கு வராத நிலையில், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட வேண்டியதில்லை. பெயரை விட்டுவைத்துப் பிறப்பை மட்டும் பதியலாம். ஆனால் அந்த ஓராண்டை மறந்துவிடுகிறவர்கள் பலர். பள்ளியில் ஒரு பெயர் ஏறிவிடும், பிறப்புச் சான்றில் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவே கிடக்கும். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் அது தெரியவரும்.

முன்பெல்லாம் பள்ளியில் சேர்க்கும்போது சொல்லும் பெயரே பெயர், சொல்லும் தேதியே பிறந்த தேதி. இன்று அவ்வாறில்லை. பதிவுச் சட்டத்தில் செய்த திருத்தம் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்நாள் முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசுப் பணி, கடவுச்சீட்டு ஆகிய அனைத்துக்கும் பிறந்த தேதியையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் ஆவணம் பிறப்புச் சான்றே. பதிவேட்டில் ஏறிய பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் சான்று காட்டித் திருத்தலாம். ஆனால் ஒரு பெயரை எடுத்துவிட்டு வேறொன்றை இடுவது எழுத்துப்பிழைத் திருத்தம் ஆகாது. பின்னாளில் பெயரையே மாற்ற விரும்புவோர் அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு, ஒவ்வோர் ஆவணமாகத் திருத்திக்கொண்டு வர வேண்டியிருக்கும்.

இது பெரியவர்கள் அறியாத துன்பமன்று. குடும்ப அட்டையில் ‘தெய்வானை’, வங்கிப் புத்தகத்தில் ‘தெய்வானை அம்மாள்’, வாக்காளர் அட்டையில் ‘தெய்வாணை’ என்று இருந்தால், ஓய்வூதியத்துக்கு எத்தனை முறை படியேற வேண்டும் என்பதை அனுபவித்தவர்கள் அவர்களே. ஆதலால் பள்ளிப் பதிவை முன்னிட்டு இளையவர்கள் தயங்கும்போது, அதனைப் பாரம்பரியத்தின்மீது கொண்ட வெறுப்பாகக் கருத வேண்டியதில்லை.

ஒரு பெயர் ஆவணங்களில் தொல்லை தருமா என்பதை முன்கூட்டியே அறிய எளிய வழி ஒன்று உண்டு. வீட்டில் உள்ள மூவரைத் தனித்தனியே அமரச் செய்து, அப்பெயரை ஆங்கில எழுத்தில் எழுதச் சொல்ல வேண்டும். தெய்வானை என்பதை ஒருவர் Deivanai என்பார். அடுத்தவர் Theivanai என்பார். மூன்றாமவர் Deivaanai என்பார். பாகம்பிரியாள் இன்னும் கடினம். Bhagampriyal, Pagampiriyal என்று முதல் எழுத்திலேயே பாதை பிரிந்துவிடும். தமிழில் ஒரே தகரமும் பகரமும் இருவேறு ஒலிகளுக்கு நிற்பதே இதற்குக் காரணம். ழகரம் வரும் பெயர்களுக்கும் இதே கதி. எண்கணிதம் பார்த்து நடுவே ஓர் எழுத்தைக் கூட்டுவோர், தாமாகவே அந்தத் தொல்லையை விலைக்கு வாங்குகின்றனர். இரண்டு a போட்ட பெயர், பள்ளி எழுத்தரின் கையில் ஒரு a ஆகிவிடும்.

தந்தையின் பெயரின் முதலெழுத்தையும் உடன் வைத்துப் பார்ப்பது நன்று. பிறப்புச் சான்றில் S. Devasena என்றும், பள்ளியில் Devasena S என்றும் இருந்தால் கணினிக்கு அவை இரு வேறு பெயர்கள். கடவுச்சீட்டிலோ முதலெழுத்தை மட்டும் இட இயலாது. விரித்து எழுத வேண்டும். எந்த முறையைப் பிறப்புச் சான்றில் கொள்கிறார்களோ, அதையே எல்லா இடத்திலும் கொள்வது ஒன்றே வழி. பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பெயர்ப் பட்டியலைப் பள்ளி சரிபார்க்கச் சொல்லும்போது, பெற்றோர் இதனை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மதிப்பெண் சான்றிதழில் அச்சேறிய பிறகு திருத்துவது நெடும்பணி.

இனி, திரேஸ்புரத்து வீட்டுக்கு வரலாம். மேலே ‘தேவசேனா’ என்று ஒரு பெயர் வந்ததே, அது யாருடைய பட்டியலிலும் முதலில் இல்லை. திருச்செந்தூரில் முருகப் பெருமானுக்கு ஒருபுறம் வள்ளி, மறுபுறம் தெய்வானை. அந்தத் தெய்வானையின் வடமொழிப் பெயரே தேவசேனா. தாத்தாவின் தாயார் பெயர் பொருளால் அதற்குள் இருக்கிறது. விசாகத்தின் மூன்றாம் பாதத்து ‘தே’ முதலெழுத்தாக நிற்கிறது. விசாகமோ முருகனுக்கே உரிய நாள். மூவர் எழுதினாலும் பெரும்பாலும் Devasena என்றே எழுதுவர். பெற்றோருக்கோ, கூப்பிட எளிதான, பழமை தோன்றாத பெயர். பதிவேட்டுக்கு இதனைக் கொள்ளலாம். தொட்டிலிடும் நாளில் குழந்தையின் செவியில் முதலில் ‘பாகம்பிரியாள்’ என்று ஓதினால், பாட்டியின் நேர்த்திக்கடன் நிறைவேறும். பிறகு ‘தெய்வானை’, அடுத்து ‘தேவசேனா’. தியா என்பது வீட்டில் அழைக்கும் பெயராகட்டும். எட்டயபுரத்துச் சுப்பிரமணியன் வீட்டில் சுப்பையாவாகத்தான் வளர்ந்தார்.

வீட்டுப் பெயர் என்ற வழக்கத்துக்கு இன்னொரு பயனும் இருந்தது. பழைய தலைமுறைப் பெண்கள் மாமனார் மாமியார் பெயரை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். இந்த வீட்டில் தாத்தாவின் மனைவிக்குத் தெய்வானை என்பது மாமியாரின் பெயர். ஐம்பது ஆண்டுகள் உச்சரிக்காத அந்தப் பெயரைச் சொல்லி, சோற்றைச் சிந்தும் பேத்தியை அவர் எப்படி அதட்டுவார்? தியா என்றால் தாராளமாக அதட்டலாம்.

எல்லா வீட்டிலும் இப்படி ஒரு பெயர் வாய்க்கும் என்பதில்லை. மூத்தவர் பெயருக்கும் நட்சத்திர எழுத்துக்கும் இணக்கமே இல்லாத இடங்களில், பதிவேட்டுப் பெயரைப் பெற்றோர் முடிவுக்கு விட்டு, செவியில் ஓதும் முதற்பெயரைப் பெரியவர்கள் தம் உரிமையாக வைத்துக்கொள்வதே பல குடும்பங்களில் நடக்கிறது. ஒன்றில் மட்டும் அனைவரும் கையொப்பமிடுவது போல் உடன்பட வேண்டும். பெயர் முடிவானதும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் தெளிவாக எழுதி, குழந்தையின் சாதகக் குறிப்போடு வைத்துவிட வேண்டும். மாநகராட்சிப் பதிவு அலுவலகத்துக்குச் செல்பவர் எவராயினும், அந்தத் தாளைப் பார்த்தே எழுத வேண்டும். சான்று கைக்கு வந்ததும் அங்கேயே நின்று, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் வீடு திரும்ப வேண்டும்.